வருகைப் பதிவேட்டில் தெரியாதவை: வார்டில் மருத்துவ மாணவரின் தொழில்நெறியை மதிப்பிடுவது எப்படி

போஸ்டிங் முடிகிற சனிக்கிழமை மதியம் எட்டு லாக்புக் என் மேசைக்கு வரும். தொழில்நெறி, அதாவது நாம் புரொஃபஷனலிசம் என்று சொல்லும் பகுதிக்கு நேராக ஏதாவது எழுத வேண்டும். பல வருடங்கள் நானும் "சின்சியர்", "நல்ல பையன்", "கொஞ்சம் அலட்சியம்" என்றுதான் எழுதிவந்தேன். ஒருநாள் ஒரு மாணவி வந்து, "சார், அலட்சியம்னு போட்டிருக்கீங்க. நான் எந்த நாள், என்ன செஞ்சேன் சார்?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. அவள் கேட்டது நியாயமான கேள்வி. அன்றிலிருந்து எங்கள் யூனிட்டில் முறையை மாற்றத் தொடங்கினோம். நெல்லைச் சீமையில் ஒரு மெடிசின் யூனிட்டில், நான்கு வாரப் போஸ்டிங்கில், எட்டு மாணவர்கள் கொண்ட ஒரு பேட்சுக்கு இதை எப்படிச் செய்வது என்று இங்கே சொல்கிறேன்.

எதைப் பார்ப்பது என்று முதலில் முடிவு செய்யுங்கள்

குணத்தைப் பார்க்க முடியாது, செய்கையைத்தான் பார்க்க முடியும். இந்த அடிப்படையில் உருவான கருவிகளில் எங்களுக்கு மிகவும் உதவியது பி-மெக்ஸ். கனடாவின் மான்ட்ரியலில் உள்ள மெக்கில் பல்கலைக்கழகத்தில் உருவாகி, 2006இல் வெளியானது. ஒரு மாணவரை ஒரு சிறு நிகழ்வில் கவனித்து, உடனே ஒரு பக்கப் படிவத்தில் குறிப்பதுதான் அதன் முறை. நோயாளியோடு உறவு, தன்னைத் தானே திரும்பிப் பார்ப்பது, நேர நிர்வாகம், மற்ற பணியாளர்களோடு உறவு என்று நான்கு பகுதிகளில் மொத்தம் 24 செய்கைகள் அதில் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 4 வரை நான்கு படிகள் உண்டு: ஏற்க முடியாதது, எதிர்பார்ப்புக்குக் கீழ், எதிர்பார்த்த அளவு, எதிர்பார்ப்புக்கு மேல். கவனிக்க வாய்ப்பு அமையவில்லை என்று குறிக்கவும் இடம் உண்டு.

காலை ஓ.பி.யும் ரவுண்ட்ஸும் ஒன்றாக ஓடுகிற நம் வார்டில் 24 வரிகளை யாரும் நிரப்பமாட்டார்கள். நாங்கள் நிரப்பிப் பார்த்தோம். இரண்டாவது வாரத்திலேயே எல்லாக் கட்டத்திலும் ஒரே எண்ணாகத் திரும்பி வந்தது. அதனால் அரைப்பக்கச் சீட்டாகச் சுருக்கி, நான்கு வரிகளை மட்டும் வைத்துக்கொண்டோம்.

முதல் வரி நேரம். ரவுண்ட்ஸ் தொடங்குவதற்கு முன் தனக்கு ஒதுக்கிய நோயாளியைப் பார்த்து முடித்திருந்தாரா, வரத் தாமதமாகும் என்றால் முன்கூட்டியே தெரிவித்தாரா என்று அதில் பார்ப்போம். இரண்டாவது நோயாளியோடு பேச்சு. தன் பெயரையும், தான் மாணவர் என்பதையும் சொன்னாரா, தொடுவதற்கு முன் கேட்டாரா, மறைப்புத் திரையை இழுத்துவிட்டாரா, சொன்னது புரிந்ததா என்று நோயாளியையே திருப்பிச் சொல்லவைத்தாரா? மூன்றாவது குழுவில் நடந்துகொண்டது. ஒப்புக்கொண்ட வேலையை முடித்தாரா, முடியாததை யாரிடம் எப்படி ஒப்படைத்தார், சிஸ்டரிடமும் வார்டு ஊழியர்களிடமும் எப்படிப் பேசினார்? நான்காவது, திருத்தம் சொன்னபோது என்ன செய்தார், மறுநாள் அது மாறியிருந்ததா?

நான்காவது வரியை யூனிட்டில் சிலர் வேண்டாம் என்றார்கள். நான் பிடிவாதமாக வைத்தேன். அமெரிக்காவில் மருத்துவக் கவுன்சில்களின் ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆளான 235 மருத்துவர்களின் மாணவப் பருவக் குறிப்புகளை, நடவடிக்கைக்கு ஆளாகாத 469 பேரின் குறிப்புகளோடு ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2005இல் வந்தது. பின்னாளில் சிக்கியவர்களிடம் மாணவப் பருவத்தில் மிகத் தெளிவாகத் தெரிந்த அடையாளங்கள் இரண்டு. ஒன்று கடுமையான பொறுப்பின்மை. மற்றொன்று, தவறைச் சுட்டிக்காட்டினாலும் தன்னைத் திருத்திக்கொள்ள இயலாமை. அதே ஆய்வைத் தலைகீழாகப் படிக்கக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒழுங்கு நடவடிக்கை என்பது அரிதானது. மாணவப் பருவத்தில் இப்படிக் குறிப்பு வாங்கியவர்களில் மிகப் பெரும்பாலோர் எந்த நடவடிக்கைக்கும் ஆளாகாமல் வேலை பார்ப்பவர்கள். ஆகவே இந்தச் சீட்டை வைத்து ஒரு பையனின் எதிர்காலத்துக்கு ஜோசியம் சொல்லிவிட முடியாது. இன்று எதைத் திருத்த வேண்டும் என்று மட்டும் சொல்லலாம்.

முதல் நாளே சீட்டைக் கையில் கொடுங்கள்

எதைப் பார்க்கப்போகிறோம் என்பதை மறைக்க வேண்டாம். முதல் திங்கட்கிழமை காலை பேட்ச் முழுவதையும் உட்காரவைத்து, நான்கு வரிகளையும் படித்துக்காட்டுகிறோம். "தெரிந்தால் நடிப்பார்களே" என்று ஒரு பி.ஜி. கேட்டார். நோயாளியிடம் பெயர் சொல்லி அனுமதி கேட்பதை நான்கு வாரம் ஒருவர் நடித்துக்கொண்டே இருந்தாலும், அத்தனை நாளும் அந்த நோயாளிக்கு மரியாதை கிடைத்திருக்கிறது. எனக்கு அது போதும். உண்மையில் நடிப்பு தளர்கிற இடங்கள் உண்டு. பன்னிரண்டரை மணிக்குப் பசி நேரத்தில் கடைசி நோயாளியிடம் பேசும்போதும், சீஃப் ரவுண்ட்ஸ் முடித்துப் போன பிறகும் அது தெரியும். கவனிப்பு எல்லாம் காலை ஒன்பது மணிக்கே நடந்தால் இவை கண்ணில் படாது. சீட்டில் மணியை எழுதச் சொல்வது இதற்காகத்தான்.

யார் பார்ப்பது, எத்தனை தடவை

ஒரு தடவை பார்த்து எதையும் சொல்ல முடியாது. ஒரே ஆள் பத்துத் தடவை பார்த்தாலும் போதாது, ஏனென்றால் அவருக்குப் பிடித்த மாணவர் கடைசிவரை பிடித்தவராகவே இருப்பார். பி-மெக்ஸை உருவாக்கியவர்கள் ஒரு மாணவருக்குப் பத்து முதல் பன்னிரண்டு படிவங்கள் சேர்ந்தால்தான் முடிவை நம்பலாம் என்று கண்டார்கள். நாங்கள் பன்னிரண்டு என்று வைத்து, இப்படிப் பிரித்துக்கொண்டோம்: அசிஸ்டன்ட் இருவர் தலா மூன்று, பி.ஜி. இரண்டு, வார்டு சிஸ்டர் இரண்டு, நோயாளியிடம் கேட்டு எழுதுவது இரண்டு. எட்டு மாணவருக்கு 96 சீட்டு. இருபத்துநான்கு வேலை நாளில் நாளொன்றுக்கு நான்குதான் வரும். ஒரு சீட்டு எழுத இரண்டு, மூன்று நிமிடம் ஆகும். கடைசி வாரத்துக்குத் தள்ளிவைத்தால் மட்டும் அது சுமையாகிவிடும். தள்ளிவைத்து எழுதியதில் நினைவு இருக்காது, அபிப்பிராயம்தான் இருக்கும்.

நோயாளியிடம் கேட்பது மற்ற எல்லாவற்றையும்விடக் கடினம். "டாக்டர் பிள்ளை நல்லா பாத்தாங்களா ஆச்சி?" என்று கேட்டால், "தங்கமான பிள்ளை, நல்லா இருக்கணும் யய்யா" என்றுதான் பதில் வரும். இலவசமாகப் பார்க்கிற இடத்தில், படுக்கையில் இருந்துகொண்டு யாரும் குறை சொல்லமாட்டார்கள். எனவே திருப்தியைக் கேட்காமல், நடந்ததைக் கேளுங்கள். "காலைல வந்த தம்பி அவங்க பேரச் சொன்னாங்களா?" "தொடுறதுக்கு முன்னால கேட்டாங்களா?" "கையில பட்டி கட்டிப் பாத்தாங்களா?" "மாத்திரையை எப்பப்போ போடணும்னு சொன்னாங்க, எனக்கும் சொல்லுங்க." இதற்கெல்லாம் அவர்கள் தயங்காமல் பதில் சொல்வார்கள். கேட்பவர் அந்த மாணவரின் ஆசிரியராக இருக்கக் கூடாது. மாணவர் பக்கத்தில் நிற்கவும் கூடாது. எங்களிடம் இதை வேறு யூனிட்டின் ஹவுஸ் சர்ஜன் செய்கிறார்.

பேச்சைக் கவனிக்கும்போது நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கல் வரும். சென்னையிலோ கோவையிலோ வளர்ந்து, ஆங்கில வழியில் படித்த பிள்ளைக்கு "மேலுக்கு சொகமில்ல", "கிறுகிறுன்னு வருது", "நெஞ்சு கரிக்கு" என்பதெல்லாம் புதிது. அதற்கு மதிப்பெண் குறைக்கக் கூடாது. புரியாதபோது என்ன செய்கிறார் என்பதைத்தான் கவனிக்க வேண்டும். ஒரு மாணவி, "அப்படின்னா எப்படி இருக்கும் ஆச்சி, எனக்கு விளங்கற மாதிரி சொல்லுங்க" என்று கேட்டாள். இன்னொருவர் தலையை ஆட்டிவிட்டு, கேஸ் ஷீட்டில் "தலைவலி" என்று எழுதினார். அந்த அம்மாவுக்கு வந்தது தலைச்சுற்றல். இரண்டு சீட்டிலும் நடந்ததை அப்படியே எழுதினோம்.

இன்னொன்றையும் இங்கே வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். புதிய மாணவர் வந்தால் நம் பக்கத்தில் வாயில் வருகிற முதல் கேள்வி, "எந்த ஊருப்பா, அப்பா என்ன பண்றாங்க?" அன்பாகத்தான் கேட்கிறோம். ஆனால் ஊர் பெயரிலிருந்தும் தெருவிலிருந்தும் சாதியை ஊகிக்கிற பழக்கம் இந்த மண்ணில் இருக்கிறது. ஊகித்தபின் மதிப்பெண் கை நழுவும். மதிப்பிடுகிற நான்கு வாரமும் அந்தக் கேள்வி வேண்டாம் என்று யூனிட்டில் பேசி வைத்திருக்கிறோம். அதேபோல, மாணவிகளுக்கு "அடக்கம்", "சத்தமா பேசுறாள்" என்ற சொற்கள் சீட்டில் வந்தால் திருப்பிக் கொடுத்து, என்ன நடந்தது என்று எழுதச் சொல்கிறோம். மாணவனுக்கு எழுதாத ஒன்றை மாணவிக்கு எழுதுவதில் பொருள் இல்லை.

சீட்டில் எப்படி எழுதுவது

எண் மட்டும் இருந்தால் சீட்டு செத்துப்போகும். மூன்று வாக்கியம் போதும்: என்ன சூழல், என்ன செய்தார் அல்லது சொன்னார், அதனால் என்ன ஆனது. "குழுவோடு ஒத்துழைப்பதில்லை" என்று எழுதினால் மாணவருக்கும் ஒன்றும் புரியாது, அடுத்த ஆசிரியருக்கும் புரியாது. "மதியம் 12.40. 9-ம் கட்டிலின் ரத்த மாதிரியை லேபுக்குக் கொண்டுபோவதாகச் சொன்னார். 2 மணிக்கு மாதிரி டிரேயிலேயே இருந்தது. யாரிடமும் சொல்லாமல் கிளம்பிவிட்டார். சிஸ்டர் மறுபடியும் ஊசி போட்டு எடுக்க வேண்டியதாயிற்று" என்று எழுதினால் அதில் வாதாட ஒன்றுமில்லை.

இரண்டு மாணவர்கள், கிட்டத்தட்ட ஒரே சராசரி

அடையாளம் தெரியாதபடி மாற்றி, ஒரு பேட்சில் நடந்ததைச் சொல்கிறேன்.

முதலாமவர் இருபத்துநான்கு நாளில் ஐந்து நாள் தாமதம். இருபது நிமிடம், அரை மணி என்று. இரண்டாமவர் ஒரு நாள்கூடத் தாமதமில்லை. 8.55க்கே கையெழுத்துப் போட்டிருப்பார். பதிவேட்டை மட்டும் வைத்து எழுதியிருந்தால் முதலாமவருக்கு "அலட்சியம்" என்றும் இரண்டாமவருக்கு "சின்சியர்" என்றும்தான் எழுதியிருப்பேன்.

சீட்டுகளைக் கூட்டிப் பார்த்தோம். முதலாமவருக்கு எட்டு சீட்டில் 3, ஒன்றில் 4, மூன்றில் 2. மொத்தம் 34, சராசரி 2.83. இரண்டாமவருக்கு ஒன்பது சீட்டில் 3, இரண்டில் 2, ஒன்றில் 1. மொத்தம் 32, சராசரி 2.67. இரண்டும் "எதிர்பார்த்த அளவு" என்ற 3-ஐ ஒட்டியே நிற்கின்றன. சராசரியோடு நிறுத்தியிருந்தால் இருவருக்கும் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருப்போம். குறைந்த எண் உள்ள சீட்டுகளைத் தனியாக எடுத்து அடுத்தடுத்து வைத்துப் படித்தபோதுதான் விஷயம் தெரிந்தது.

முதலாமவரின் மூன்று குறைந்த சீட்டும் தாமதம் பற்றியவை. தேதியைப் பார்த்தால் ஐந்து தாமதத்தில் நான்கு திங்கட்கிழமை. கூப்பிட்டுக் கேட்டேன். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை. சனிக்கிழமை மதியம் அம்பாசமுத்திரம் பக்கம் வீட்டுக்குப் போய், திங்கள் காலை செங்கோட்டைப் பக்கமிருந்து வரும் ரயிலில் திரும்பியிருக்கிறார். காரணம் சரிதான். ஆனால் நான்கு தடவையும் அவர் யாருக்கும் சொல்லவில்லை. அவருடைய நோயாளியை யாராவது பார்த்தார்களா என்பதும் அவருக்குத் தெரியாது. குறையாக எழுத வேண்டியது அதைத்தான். மற்ற ஒன்பது சீட்டில் ஒன்று, காது கேளாத ஒரு தாத்தாவுக்கு இன்சுலின் போடுவதைப் படம் வரைந்து காட்டி, அவரையே செய்துகாட்ட வைத்தது பற்றியது. 4 அதற்கு வந்ததுதான்.

இரண்டாமவருக்கு 1 போட்ட சீட்டை எழுதியவர் பி.ஜி.: "14-ம் கட்டில் ஆச்சி, இரைப்பு. 9.10க்கு சார்ட்டில் சுவாசம் 18 என்று இருக்கிறது. 9.25க்கு நான் முழு நிமிடம் எண்ணினேன், 32. 13, 15-ம் கட்டில் சார்ட்டிலும் இவர் எழுதியது பல்ஸ் 80, பி.பி. 120/80, சுவாசம் 18." இதை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. பதினைந்து நிமிடத்தில் இரைப்பு கூடியிருக்கலாம். மூன்று பேருக்கு ஒரே எண் அபூர்வமாக வரவும் வரலாம். இரண்டாவது சீட்டு வேறு ஒருநாள் நோயாளியிடம் கேட்டது: "கையில ஒண்ணும் கட்டலயே. நேத்து சாயங்காலம் சிஸ்டர்தான் கட்டிப் பாத்தாங்க." மூன்றாவது சிஸ்டருடையது: "பார்த்தாயிற்றா என்று கேட்டேன், பார்த்தாயிற்று என்றார். பி.பி. கருவி அப்போது பக்கத்து வார்டில் இருந்தது." ஒருவரை ஒருவர் கலக்காமல் மூன்று பேர் மூன்று நாளில் எழுதியவை ஒரே பக்கம் கைகாட்டின. அளக்காமலே எழுதியிருக்கிறார்.

இப்படிப்பட்ட ஒன்றைச் சராசரிக்குள் போடக் கூடாது. நோயாளிக்கு நேரடியாக ஆபத்து வரக்கூடியதும், பொய்ப்பதிவும், அனுமதியில்லாமல் செய்த பரிசோதனையும் எங்களிடம் தனிக்கோப்பு. அன்றே யூனிட் சீஃபுக்குப் போய்விடும். அந்த நோயாளியை உடனே மறுபடியும் அளப்பதுதான் முதல் வேலை. மாணவர் விஷயம் அதற்குப் பிறகு.

கூப்பிட்டுப் பேசுவது

ஒரு நாளைக்குள் பேசிவிட வேண்டும். தனியாக, கதவைச் சாத்தி, இன்னொரு ஆசிரியரும் உடன் இருக்க. ரவுண்ட்ஸில் எல்லார் முன்னாலும் கேட்டால் அவர் தன் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பேசுவார். "ஏன் பொய் எழுதினே?" என்று தொடங்காமல், சீட்டைக் காட்டி, "14-ம் கட்டில் சார்ட்டு நீ எழுதினதுதானேப்பா? எப்படிப் பாத்து எழுதினேன்னு சொல்லு" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "முந்தின நாள் ஸ்டேபிள்னு சொன்னாங்க சார். ரவுண்ட்ஸுக்குள்ள எழுதி முடிக்கணும்னு அப்படியே போட்டுட்டேன். சீனியர்ஸும் அப்படித்தான் சார் போடுவாங்க" என்றார்.

கடைசி வாக்கியம் எனக்கு வலித்தது. அன்று மதியமே வார்டில் இருபது சார்ட்டுகளைப் புரட்டினேன். சுவாச எண்ணிக்கை 18 என்று இருந்தவை மிக அதிகம். மாணவரை மட்டும் குற்றம் சாட்டிவிட்டு யூனிட் தப்பிக்க முடியாது. பி.ஜி.க்களையும் ஹவுஸ் சர்ஜன்களையும் உட்காரவைத்து அதே பேச்சைப் பேசினோம். அதனால் அவர் தவறு குறைந்துவிடவில்லை. "பையன் வாழ்க்கை வீணாயிரும், விட்டுருங்க சார்" என்று ஒரு அசிஸ்டன்ட் சொன்னார். நல்ல மனதோடுதான் சொன்னார். இந்த இரக்கத்தால்தான் குறை உள்ள மாணவர் எந்தத் துறையிலும் குறிப்பு இல்லாமல் இறுதியாண்டு வரை வந்துவிடுகிறார். பதினான்காம் கட்டில் ஆச்சி மேலும் இரக்கம் வேண்டும்.

முடிவை எழுதுவது

முடிவை மூன்று ஆசிரியர் சேர்ந்து எடுக்கிறோம். நேரடியாகச் சீட்டு எழுதாத ஒருவராவது அதில் இருக்க வேண்டும். சீட்டுகளைப் பெயரில்லாமல் எண்ணிட்டுப் படித்து, பிறகு பேசுகிறோம். 2019இல் வந்த திறன் அடிப்படைப் பாடத்திட்டத்தின் லாக்புக்கில் இதற்குத் தோதான கட்டங்கள் ஏற்கனவே இருக்கின்றன: எதிர்பார்ப்புக்குக் கீழ், எதிர்பார்த்த அளவு, மேல் என்று மூன்று தரம். பக்கத்திலேயே முடிந்தது, மறுபடி செய்ய வேண்டும், திருத்தப் பயிற்சி வேண்டும் என்று முடிவுக்கான கட்டம். ஆகையால் புதிதாகப் பதிவேடு எதுவும் தேவைப்படவில்லை.

முதலாமவருக்கு எதிர்பார்த்த அளவு, முடிந்தது. கூடவே ஒரு குறிப்பு: தாமதமாகும் நாளில் ஏழரை மணிக்குள் யூனிட் பி.ஜி.க்குப் போன் செய்து, நோயாளியை யார் பார்ப்பது என்று சொல்லிவிட வேண்டும். அடுத்த போஸ்டிங்கில் இரண்டு திங்கள் தாமதமானார். இரண்டு நாளும் போன் வந்தது.

இரண்டாமவருக்குக் கீழ், திருத்தப் பயிற்சி. இரண்டு வாரம் கூடுதலாக வார்டில். தினமும் ஐந்து நோயாளியின் நாடி, பி.பி., சுவாசம் எடுத்து, எடுத்த மணியை எழுதிக் கையெழுத்திட வேண்டும். அதில் எந்த இரண்டு என்று முன்கூட்டிச் சொல்லாமல் பி.ஜி. உடனே மறுபடியும் அளப்பார். கூடவே, புதிய ஆட்களிடமிருந்து ஆறு சீட்டு. முதல் வாரம் அவர் வேலை மெதுவாகத்தான் போனது, ரவுண்ட்ஸுக்குள் மூன்று பேரைத்தான் முடிக்க முடிந்தது. அதையும் அவரே சொன்னார்: "இன்னும் ரெண்டு பேர் பாக்கல சார்." சிஸ்டர் எழுதிய சீட்டில் அந்த வாரம் இப்படி இருந்தது: "11-ம் கட்டில் பி.பி. எடுக்க முடியவில்லை, கருவி வேலை செய்யவில்லை என்று என்னிடம் வந்து சொன்னார். சார்ட்டில் அந்த இடத்தைக் காலியாக விட்டு, காரணத்தையும் மணியையும் எழுதியிருந்தார். வேறு கருவி வாங்கிவந்து 9.50க்கு எடுத்தார். 168/100. உடனே பி.ஜி.க்குச் சொன்னார்." அதற்கு சிஸ்டர் போட்டது 3. அந்த இரண்டு வாரப் பயிற்சியின் கடைசிச் சனிக்கிழமை, முடிந்தது என்ற கட்டத்தில் மூவரும் கையெழுத்திட்டோம்.